ஐந்து நிமிடம் அருகில் அமர்தல்



பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியர் ஒருவர் விடைபெறும் உரையையே இவ்வரிசையில் ஒரு பொழிவாக ஆற்றலாம் என்று பேரவையினர் கேட்டுக்கொண்டனர். நன்றி சொல்வதற்கு நாள் போதாது. அறிவுரை சொல்வதற்கோ எனக்குத் தகுதி போதாது. ஆகவே, முப்பத்தாறு ஆண்டுகளில் நான் ஓரளவேனும் கற்றுக்கொண்ட ஒரே ஒரு செய்தியைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு பிள்ளை உண்மையிலேயே தமிழ் வாசிக்கிறதா, அல்லது வாசிப்பது போல் ஒப்பிக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது என்பதே அது. அதை எனக்குக் கற்பித்தவர்கள் என் சக ஆசிரியர்கள். என் நன்றியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பங்சாரும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டமே. புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர்கள் ஒட்டிப் பிறந்ததே இவ்வூர்ப் பெயர் என்பர். நான் 1983ஆம் ஆண்டு பணியேற்றதும் ஒரு தோட்டப் பள்ளியில்தான். தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டம் நாடெங்கும் முதலாம் ஆண்டில் தொடங்கிய ஆண்டு அது. வாசிப்பு, எழுத்து, எண் மூன்றும் அடிப்படை என்று அக்கலைத்திட்டம் சொன்னது. என் வகுப்பறையோ கூட்டு வகுப்பு. ஒரே அறையில் மூன்று ஆண்டுகளின் பிள்ளைகள். நான் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். சத்தம் நன்றாக வந்தால் பாடம் நன்றாக நடக்கிறது என்று நம்பினேன்.

அவ்வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணீரென்ற குரல். பள்ளிக்கு யார் வந்தாலும் அவனையே எழுப்பி வாசிக்கச் சொல்வேன். அவன் ஆறாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நாள் அவனுடைய பாடநூலில் இரண்டு தாள்கள் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் தாளைப் புரட்டினான். ஒட்டிய தாள்களுக்குள் மறைந்திருந்த பக்கத்தைத் தங்குதடையின்றி வாசித்தான். அவன் கண்ணெதிரே இருந்ததோ வேறொரு பாடம். அருகில் நின்ற எனக்குக் கைகால் சில்லிட்டுப் போயிற்று. செய்தித்தாளில் ஒரு வரியைக் காட்டினேன். ‘பள்ளி’ என்ற சொல்லை மட்டும் அடையாளம் கண்டான். அதுவும் பள்ளியின் பெயர்ப்பலகையில் நாள்தோறும் பார்த்த சொல். ஆண்டு முடியச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்ப் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்ந்து, இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டான். குற்றம் அவனுடையதன்று.

பங்சாருக்கு வந்த பிறகு இதை நான் ஆசிரியர் அறையில் சொன்னேன். முதலாம் ஆண்டு வகுப்பை நெடுங்காலம் எடுத்து வந்த ஓர் ஆசிரியை அப்போது பேசினார். (பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், இதோ முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கிறார்.) “சார், நாம் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை எங்கே இடறுகிறது என்று பார்ப்பதில்லை” என்றார். பிறகு இரண்டு இடங்களைக் காட்டினார்.

முதலாவது, கொம்பு. நம் பிள்ளைகள் ஏழு வயதில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் ஒரே வேளையில் கற்கின்றனர். ‘போலா’ என்ற மலாய்ச் சொல்லை உரோமன் எழுத்தில் எழுதினால், ஒலி வரும் வரிசையிலேயே எழுத்தும் வரும். தமிழில் ‘கொடி’ என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது, நடுவில் ககரம், பின்னே துணைக்கால். உயிரொலி பின்னால் ஒலிக்க, அதன் அடையாளத்தில் பாதி முன்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகிய பிள்ளை கொம்பிலேயே நின்றுவிடும். அல்லது துணைக்காலை விட்டுவிட்டு ‘கெடி’ என்று படிக்கும். அதை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரே அட்டையில் ஒரே உருவமாகக் காட்டினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவ்விடறல் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, ஓரெழுத்துக்குப் பல ஒலி. ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதற் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்து, ஒலியோ வேறு. மலாயில் அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசும் ஒரு சிறுமி, “டீச்சர், அந்த இன்னொரு ‘ப’ எங்கே?” என்று கேட்டாளாம். அறிவுள்ள கேள்வி. மெல்லினத்தை அடுத்து வரும்போது வல்லினம் மென்மையாக ஒலிக்கும் என்று இலக்கணமாகச் சொன்னால் ஏழு வயதுக்கு எட்டாது. பம்பரம், தங்கம், பந்து, வண்டி என்று சொற்களை வரிசையாகச் சொல்ல வைத்தால், காது தானே பிடித்துக்கொள்ளும்.

இதன் பிறகே, முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொன்றோடும் தனியே ஐந்து நிமிடம் அமர்வது என்று முடிவு செய்தோம். பாடநூல் கிடையாது, படம் கிடையாது. பிள்ளை அறிந்த எழுத்துகளால் ஆன, ஆனால் பாடநூலில் இல்லாத நான்கு வரிகள். முதலில் இயல்பாக வாசிக்க வேண்டும். பிறகு கடைசிச் சொல்லிலிருந்து முதற் சொல்லுக்குத் திரும்பி வர வேண்டும். ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பின்னிருந்து முன்னே வர இயலாது. விரல் ஒரு சொல்லிலும் குரல் வேறொரு சொல்லிலும் நிற்பதும் அதே அறிகுறி.

இதில் நான் தவறாகக் குறித்துக்கொண்ட ஒன்றையும் அவ்வாசிரியையே திருத்தினார். தாளில் ‘அம்மா சமைத்தார்’ என்றிருக்க, ஒரு பிள்ளை ‘அம்மா சமைச்சாங்க’ என்று வாசித்தது. பிழை என்று சிவப்பு மையால் கோடிட்டேன். “சார், அது பிழையில்லை. அந்தப் பிள்ளை படித்ததைப் புரிந்துகொண்டு, தன் வீட்டுத் தமிழில் சொல்கிறது. ‘சமைத்தார்’ என்று சரியாகச் சொல்லிவிட்டு விழிக்கிற பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்” என்றார். அன்று முதல் அக்கோட்டை நான் போடுவதில்லை.

ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒருவன் இரண்டு முறையும் தோற்றான். சிறப்பு வகுப்பில் சேர்த்தோம். கரும்பலகையைப் பார்க்க அவன் எழுந்து முன்னே வருவதைக் கவனித்தவர் பள்ளித் தோட்டக்காரர். மூக்குக் கண்ணாடி போட்ட பிறகு வாசித்தான். அவருக்கும் என் நன்றி.

2014ஆம் ஆண்டின் முதல் பள்ளி நாள். ஒரு தந்தை தம் மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டேன். அதே கணீர்க் குரல். அவரும் என்னை அறிந்துகொண்டார். பதிவுப் பாரத்தை நீட்டினேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கண்ணாடியை லாரியிலேயே விட்டுவிட்டேன் சார், நீங்களே எழுதுங்களேன்” என்றார். அவருக்குக் கண்ணாடி கிடையாது என்பது இருவர்க்கும் தெரியும். நானே எழுதினேன். கையொப்பத்தை மட்டும் அவர் நிதானமாக, எழுத்தெழுத்தாகப் போட்டார்.

அம்மகள் இவ்வாண்டு ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். முதலாம் ஆண்டில் அவளோடு அமர்ந்தது நான்தான். கொடி, கோடு இரண்டிலும் இடறினாள். மூன்று வாரம் கழித்து அந்நான்கு வரிகளையும் பின்னிருந்து முன்னே வாசித்தாள். இப்போது வீட்டுக்கு வரும் கடிதங்களை அப்பாவுக்கு அவளே படித்துச் சொல்கிறாளாம்.

அட்டைகள் நூலக அலமாரியின் இரண்டாம் தட்டில், பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. சாவி எழுத்தரம்மாவிடம் உள்ளது. ‘கொ’ அட்டையின் ஓரம் கிழிந்துவிட்டது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வருவதற்குள் புதிதாக ஒன்று எழுதிவிடுங்கள்.