விதி பார்க்காத ஆண்டுகள்

பங்குச் சந்தையில் எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதைத் திட்டவட்டமான விதியாக வகுத்துக்கொண்டு வணிகம் செய்வோர், அந்த விதியில் பணத்தைப் போடுவதற்கு முன் பழைய விலைகளின்மீது அதை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சந்தையில் இருப்போர் இதை பேக்டெஸ்ட் என்கிறார்கள். விதியில் வரும் எண்களை மாற்றி மாற்றி ஓட்டி, அவற்றுள் மிகுந்த லாபம் காட்டியதைத் தேர்ந்துகொண்டு, அந்த லாபத்தையே விதியின் தகுதிக்குச் சான்றாகக் காட்டும் போக்கும் இதனோடு சேர்ந்தே வருகிறது. தேர்வுக்குப் பயன்பட்ட அதே விலைகள் சான்றுக்கும் பயன்படுவதால், இந்த லாபம் எதிர்காலத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. இக்குறையைப் போக்குவதற்காக உருவானதே வாக் ஃபார்வர்ட் சோதனை, அதாவது முன்னோக்கி நகரும் சோதனை. அமெரிக்கரான ராபர்ட் பார்டோ 1992இல் வெளியிட்ட வணிக முறைகள் பற்றிய நூலின் வழியாக இம்முறை பரவலாக அறியப்பட்டது.

நகரும் சராசரி விதியைக் கொண்டு இதை விளக்குவது எளிது. கடந்த சில நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சராசரி. ஒவ்வொரு நாளும் புதிய விலை ஒன்று சேர்ந்து பழைய விலை ஒன்று விலகுவதால் அது நகரும் சராசரி ஆகிறது. குறைந்த நாள்களின் சராசரி, கூடுதல் நாள்களின் சராசரியைக் கீழிருந்து மேலாகக் கடக்கும்போது வாங்குவதும், மேலிருந்து கீழாகக் கடக்கும்போது விற்றுவிட்டு வெளியே நிற்பதும் விதி. குறுகிய சராசரிக்கு 5 நாள் முதல் 50 நாள் வரை ஐந்தைந்தாகப் பத்து அளவுகளும், நீண்ட சராசரிக்கு 60 நாள் முதல் 240 நாள் வரை இருபது இருபதாகப் பத்து அளவுகளும் வைத்தால், மொத்தம் 100 இணைகள் கிடைக்கின்றன. விதிக்கு உண்மையான ஆற்றல் எதுவுமே இல்லாவிட்டாலும், நூறு இணைகளில் ஏதேனும் ஒன்று தற்செயலாகவே முதலிடம் பெற்று நல்ல லாபத்தைக் காட்டும்.

இது வெறும் ஐயம் அன்று. அமெரிக்க ஆய்வாளர்கள் புரோக், லாகோனிஷோக், லெபரான் ஆகிய மூவரும் 1992இல் வெளியிட்ட கட்டுரையில், டவ் ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான விலைகளில் நகரும் சராசரி போன்ற எளிய விதிகள் பயன் தந்திருப்பதைக் காட்டினார்கள். பின்னர் சல்லிவன், டிம்மர்மன், வைட் ஆகியோர் ஏறத்தாழ எட்டாயிரம் விதிகளை எடுத்துக்கொண்டு அதே கேள்வியை மீண்டும் ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். 1986 வரையிலான காலத்தில் தலைசிறந்து நின்ற விதி, அதற்கடுத்த பத்தாண்டுகளில் அந்தச் சிறப்பைக் காட்டவில்லை என்பது அவர்கள் கண்டது. தேர்வு நடந்த காலம் முடிந்ததும் மேன்மையும் முடிந்துபோயிற்று.

முன்னோக்கி நகரும் சோதனை வரலாற்றை ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளாமல், பயிற்சிக் காலம், சோதனைக் காலம் என்னும் இணைகளாகப் பிரித்துக்கொள்கிறது. பயிற்சிக் காலத்தின் விலைகளில் மட்டும் நூறு இணைகளையும் ஓட்டிச் சிறந்ததைத் தேர்வது முதல் படி. தேர்ந்த அந்த எண்களைத் தொடாமல், அடுத்து வரும் சோதனைக் காலத்தில் ஓட்டிக் கிடைத்த லாப நட்டத்தைக் குறித்துக்கொள்வது இரண்டாம் படி. பிறகு இரு காலங்களையும் ஓராண்டு முன்னே நகர்த்தி, புதிய பயிற்சிக் காலத்தில் மறுபடி தேர்ந்து, அதற்கடுத்த ஆண்டில் மறுபடி சோதிக்க வேண்டும். இறுதியில் சோதனை ஆண்டுகளின் முடிவுகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அந்தத் தொடரையே விதியின் வரலாறாகக் கொள்ள வேண்டும். பயிற்சிக் காலத்தின் லாபத்துக்கு அதில் இடமில்லை.

இந்தியாவின் நிஃப்டி குறியீடு இதற்கு நல்ல களம். பயிற்சிக்கு நான்கு ஆண்டும் சோதனைக்கு ஓராண்டும் எனக் கொண்டால், முதல் பயிற்சிக் காலம் 2004 முதல் 2007 வரை அமையும். 2003 முடிவில் சுமார் 1,880 புள்ளிகளில் இருந்த குறியீடு 2007 முடிவில் 6,138 புள்ளிகளைத் தொட்டது. மூன்று மடங்குக்கு மேல் ஏறிய இத்தகைய காலத்தில், எளிதில் விற்காமல் நெடுநாள் உள்ளேயே இருந்த மந்தமான இணைகளுக்கு மதிப்பெண் கூடுதலாகக் கிடைப்பது இயல்பு. 2006 மே, ஜூன் மாதங்களின் சரிவுகூட விரைவில் மீண்டுவிட்டதால், சரிவில் விற்றவனே தவறு செய்தவனாகக் கணக்கில் தோன்றுவான். அவ்வாறு தேர்ந்த எண்கள் 2008இல் சோதனைக்கு வருகின்றன. அந்த ஆண்டு குறியீடு 6,138 புள்ளிகளிலிருந்து 2,959 புள்ளிகளுக்கு, அதாவது பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. விற்கத் தயங்கும் விதி வீழ்ச்சியின் முதற்பகுதியை முழுமையாகத் தாங்கிக்கொண்ட பின்னரே வெளியேறும்.

அடுத்த பயிற்சிக் காலம் 2005 முதல் 2008 வரை. இப்போது பெருவீழ்ச்சியும் கணக்கில் சேர்ந்துவிட்டதால், விரைந்து விற்கும் எண்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். ஆனால் சோதனை ஆண்டான 2009 வேறு முகம் காட்டுகிறது. பொதுத்தேர்தல் முடிவுகளுக்குப் பிறகான முதல் வணிக நாளான 2009 மே 18 அன்று, நிஃப்டி ஒரே நாளில் 17.7 விழுக்காடு உயர்ந்தது. உயர்வின் வேகத்தால் மேல் வரம்பு எட்டப்பட்டு வணிகம் நிறுத்தப்பட்டதால், வெளியே நின்றோருக்கு அன்று உள்ளே நுழைய ஏறக்குறைய வழியே இருக்கவில்லை. ஆகவே 2009ஆம் ஆண்டின் சோதனை முடிவு, அந்த ஒரு நாளில் விதி உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஒரே நாளைச் சார்ந்த லாபத்தைத் திறமையின் அளவாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சோதனை ஆண்டின் கூட்டுத்தொகையோடு நில்லாமல், அந்த லாபம் எத்தனை வணிகங்களிலிருந்து வந்தது, மிகப் பெரிய ஒன்றிரண்டை நீக்கினால் என்ன மிஞ்சுகிறது என்றும் பார்ப்பது அவசியம்.

2010 முடிவு முதல் 2013 முடிவு வரையிலான காலம் மற்றொரு வகை. 2010 முடிவில் 6,134, 2011 முடிவில் 4,624, 2012 முடிவில் 5,905, 2013 முடிவில் 6,304 எனக் குறியீடு ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வந்து நின்றது. இத்தகைய சந்தையில் சராசரிகள் அடிக்கடி ஒன்றையொன்று கடப்பதால், உயரத்தில் வாங்கி தாழ்வில் விற்கும் சிறு நட்டங்கள் குவியும். ஒவ்வொரு கடப்புக்கும் தரகுக் கட்டணமும், பங்கு பரிவர்த்தனை வரியும், எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையிலான வேறுபாடும் சேரும். செலவைக் கழிக்காமல் நடத்திய சோதனை இங்கேதான் மிகுந்த பொய் சொல்கிறது.

2008 முதல் 2013 வரையிலான ஆறு சோதனை ஆண்டுகளையும் கோத்துப் பார்க்கும்போது, ஒப்பிடுவதற்கான அளவுகோல் எளிமையானது: எதுவும் செய்யாமல் குறியீட்டை வைத்திருந்தவர், ஈவுத்தொகை நீங்கலாக, ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று விழுக்காடு மட்டுமே பெற்றிருப்பார், இடையில் பாதிக்கும் மேற்பட்ட வீழ்ச்சியையும் கண்டிருப்பார். விதி இதைக் காட்டிலும் கூடுதலாக ஈட்டியதா, குறைந்த வீழ்ச்சியோடு ஈட்டியதா என்பவையே உரிய கேள்விகள்.

முடிவை அளக்க வாக் ஃபார்வர்ட் செயல்திறன் என்னும் விகிதம் பயன்படுகிறது. சோதனைக் காலத்தின் ஆண்டுச் சராசரி லாபத்தைப் பயிற்சிக் காலத்தின் ஆண்டுச் சராசரி லாபத்தால் வகுத்தால் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பயிற்சியில் ஆண்டுக்கு 20 விழுக்காடும் சோதனையில் 11 விழுக்காடும் கிடைத்திருந்தால், செயல்திறன் 55 விழுக்காடு. பாதிக்குக் குறைந்தால் ஐயத்துக்கு இடமுண்டு எனக் கொள்வோர் பலர். ஆயினும் இந்த ஒற்றை எண்ணைவிடக் கூடுதலாகப் பேசுவது, ஒவ்வொரு முறையும் தேர்வான எண்களின் வரிசை. நீண்ட சராசரி ஓராண்டில் 200, அடுத்த ஆண்டில் 180, பின்னர் 220 என அருகருகே அமைந்தால், சந்தையில் விதி பற்றிக்கொள்ளத்தக்க ஏதோ ஒன்று இருப்பதாகக் கருதலாம். அது 60, 240, 100 எனத் தாவித் தாவிச் சென்றால், ஒவ்வொரு தேர்வும் தற்செயலையே பிடித்துக்கொண்டது என்று கொள்வதே நேர்மை. அந்நிலையில் கூட்டு லாபம் நன்றாக இருந்தாலும் அதை நம்புவதற்கில்லை.

இச்சோதனை ஒரு குறிப்பிட்ட எண் இணையைச் சோதிப்பதில்லை என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். நான்கு ஆண்டுகளைப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்து ஓராண்டு பயன்படுத்தும் வழக்கத்தையே அது சோதிக்கிறது. எனவே உண்மை வணிகத்தில் இறங்குபவர் அதே வழக்கத்தை, அதே இடைவெளியில் தொடர்ந்து கடைப்பிடித்தாலன்றிச் சோதனையின் சான்று அவருக்குப் பொருந்தாது. இந்த வழக்கத்துக்கு ஒரு பிறவிக்குறையும் உண்டு. 2008இன் பாடத்தை அது 2009இல்தான் கற்கிறது. சந்தையின் இயல்பு மாறும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரடி பின்தங்கியே நிற்கிறது. பயிற்சிக் காலத்தைச் சுருக்கினால் மாற்றத்தை விரைந்து உணரும், ஆனால் சில வணிகங்களை மட்டும் பார்த்து ஏமாறும். நீட்டினால் நிதானம் வரும், ஆனால் பழைய காலத்தின் பிடியில் இருக்கும்.

மிகவும் கேடு விளைவிக்கும் தவறு இதற்குப் பிறகுதான் நிகழ்கிறது. நான்கு ஆண்டுப் பயிற்சியில் முடிவு பிடிக்கவில்லை என்று மூன்று ஆண்டாக மாற்றி, அதுவும் பிடிக்காமல் ஐந்தாக மாற்றி, நல்ல முடிவு வந்த இடத்தில் நிறுத்திக்கொள்பவர், சோதனைக் காலங்களையும் பயிற்சிக் காலங்களாக்கிவிடுகிறார். எந்த ஆண்டை விதி பார்க்கவில்லையோ, விதியை வகுத்தவர் அந்த ஆண்டைப் பார்த்துவிட்டார். கால அளவுகளை முதலிலேயே எழுதிவைப்பதும், கடைசிச் சில ஆண்டுகளை எல்லாம் முடியும் வரை திறக்காமல் ஒதுக்கிவைப்பதும், ஒதுக்கியதை ஒரே ஒரு முறை மட்டும் ஓட்டுவதும் இதைத் தடுக்கும் வழிகள். அன்றைய முடிவு விலையைக் கொண்டு முடிவெடுத்துவிட்டு அதே விலையில் வாங்கியதாகக் கணக்கிடுவதும் இதே இனத்தைச் சேர்ந்த பிழையே; மறுநாள் தொடக்க விலையில் வாங்கியதாகக் கொள்வது உண்மைக்கு நெருக்கமானது.

லாபக் கோட்டின் படத்தைக் காட்டி ஒரு வணிக முறையை யாரேனும் விற்க வந்தால், அதிலுள்ள ஒவ்வோர் ஆண்டின் லாபமும் அந்த ஆண்டு தொடங்குவதற்கு முன்பே தேர்ந்து முடித்த எண்களால் வந்ததா, செலவு கழித்த பின் வந்ததா என்னும் இரண்டு கேள்விகளை நேயர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்; இரண்டுக்கும் தெளிவான விடை வராதவரை அந்த முறையில் பணம் போடலாகாது.