இரண்டு அறைகளும் ஒரு சுவரும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "சார், கெமிஸ்ட்ரி படிச்சுட்டு டீ பாக்டரியில என்ன வேலை?" நல்ல கேள்வி. இன்றைக்கு அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. ஒரு நாள் சாயங்காலம் வயதான அம்மா ஒருவர் இரண்டு மூட்டைக் கொழுந்து கொண்டு வந்தார். மூட்டையைக் கொட்டினால் உள்ளே இருந்த இலைகளின் ஓரமெல்லாம் செம்பு நிறம். "பழைய கொழுந்து" என்று எடையில் கணிசமாகக் கழித்துவிட்டார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "காலையில பறிச்சது தம்பி. என் கையாலயே பறிச்சேன். அதுக்குள்ள எப்படிப் பழசாகும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான், நான் படித்த பாடம் அந்த மூட்டைக்குள்ளேயே இருந்தது புரிந்தது.

ஒரு கொழுந்து இலையின் செல்லை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு அறைகள். ஒன்று வாக்குவோல் என்கிற நீர்ப்பை. அதில்தான் காட்டெக்கின் எனப்படும் பாலிபீனால்கள் கரைந்திருக்கின்றன. இளங்கொழுந்தின் உலர்ந்த எடையில் கால் பங்குக்கு மேல் பாலிபீனால்தான். இவற்றுக்கு நிறம் கிடையாது, துவர்ப்பு மட்டும் உண்டு. இன்னொரு அறை பசுங்கணிகம். பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நடுவே சவ்வு ஒரு சுவர் போல நிற்கிறது. சுவர் இருக்கிறவரை இலை பச்சையாகவே இருக்கும். சுவர் உடைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் இலை சிவக்கும். ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அங்கேயும் இதே வகை நொதிதான்.

கறுப்புத் தேயிலை செய்வது என்றால், இந்தச் சுவரை நாம் நினைக்கிற நேரத்தில் உடைப்பதும், நாம் நினைக்கிற நேரத்தில் வினையை நிறுத்துவதும்தான்.

முதல் வேலை வாட்டுவது. நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று விடுவோம். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை ஆகும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 1000 கிலோ பச்சைக் கொழுந்தில் 78 சதவீதம் ஈரம் என்றால், உலர்ந்த பொருள் 220 கிலோதான். சி.டி.சி. முறைக்கு ஈரத்தை 70 சதவீதத்துக்கு இறக்கினால் எடை சுமார் 733 கிலோவாகும். தண்ணீர் குறைந்து செல் சாறு கெட்டியாகிறது, இலை உடையாமல் மடங்குகிற பதத்துக்கு வருகிறது. அதோடு, உயிரோடிருக்கும் இலை தன் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களைக் கூட்டிக்கொள்கிறது. பின்னால் வரப்போகும் மணத்துக்கு இது முதல் கையிருப்பு. வாட்டம் போதாவிட்டால் சாறு ஒழுகி வீணாகும். மிஞ்சினால் நொதி சோர்ந்துவிடும்.

அடுத்தது உருட்டுவது. ரோலரிலோ, பல்வெட்டு உருளைகளிலோ இலை நசுங்கும்போது சுவர் உடைகிறது. நொதி, காட்டெக்கினிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக் குவினோன் ஆக்குகிறது. குவினோன் சும்மா இருக்காது, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ள காட்டெக்கினும், மூன்று ஹைட்ராக்சில் உள்ள காட்டெக்கினும் ஜோடி சேர்ந்தால் தியாஃபிளேவின். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பளபளப்பையும், நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும் தன்மையையும் தருவது இதுதான். இன்னும் நேரம் விட்டால் எல்லாம் பின்னிப் பிணைந்து தியாரூபிஜின் ஆகிறது. பழுப்புச் சிவப்பும் வாய் நிறையும் கனமும் இதனுடையவை. இந்த இரண்டு பெயர்களும் 1950களில் ஈ.ஏ.எச். ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளரின் வேலையால் நிலைபெற்றவை. அதே நேரத்தில் சர்க்கரையோடு கட்டுண்டு கிடந்த லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்களும் விடுபடுகின்றன. இதற்குத் தொழிலில் 'ஃபெர்மென்டேஷன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இங்கே கிருமி எதுவும் வேலை செய்வதில்லை, இலையின் சொந்த நொதிதான் செய்கிறது.

இங்கேதான் சங்கடம். தியாஃபிளேவின் ஒரு உச்சத்துக்கு ஏறிப் பிறகு இறங்கும். தியாரூபிஜின் ஏறிக்கொண்டே போகும். சூடு கூடினால் இறக்கம் சீக்கிரம் வரும். அதனால் 25 டிகிரியை ஒட்டி வைத்து, ஈரக்காற்று விட்டு, நிறத்தையும் மணத்தையும் பார்த்துக்கொண்டே நிற்போம். பச்சைப் புல்வாசனை போய்ப் பழவாசனை எழும்பும் நேரம் இருக்கிறதே, அதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. இன்னொரு விஷயம்: உலர்த்தும் இயந்திரத்துக்குள் போனதும் நொதி உடனே சாகாது. முதலில் சூட்டில் இன்னும் வேகமாக ஓடிவிட்டுத்தான் அடங்கும். அதனால் உச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அனுப்ப வேண்டும். உலர்ந்து 3 சதவீத ஈரத்துக்கு வரும்போது பச்சையமும் சிதைந்து தூள் கறுக்கிறது. நமது 1000 கிலோ கொழுந்து கடைசியில் சுமார் 227 கிலோ தூளாகிறது.

இப்போது அந்த அம்மாவின் மூட்டைக்கு வாருங்கள். அடுத்த முறை அவர் வந்தபோது, மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். சுடச்சுட இருந்தது. பறித்த இலையும் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும். சாக்கில் காலால் மிதித்துத் திணித்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. மிதித்ததில் கொஞ்சம் சுவர் உடைந்தது, சூட்டில் மீதியும் கசிந்தது. நாங்கள் உருட்ட வேண்டியதை மூட்டையே உருட்டிவிட்டது!

"அம்மா, நாளைக்கு ஒரு பாதியைத் தளர்வாக வலைப்பையில் போட்டு, நிழலில் வைத்துக் கொண்டு வாங்க" என்றேன். கொண்டு வந்தார். இரண்டையும் தனித்தனியாக வாட்டி, கையால் உருட்டி, உலர்த்தி, ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிநீர், ஐந்து நிமிடம் என்று வைத்தேன். வலைப்பைக் கொழுந்தின் சாறு தெளிந்த செம்பு நிறம். ஆறினதும் லேசாகக் கலங்கியது. தியாஃபிளேவினும் காஃபீனும் சேருவதால் அப்படி வரும், நல்ல தேயிலைக்கு அது அடையாளம். மிதித்த சாக்கின் சாறு மங்கலான பழுப்பு, ருசி சப்பென்று இருந்தது. அந்த அம்மா இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு, "ஒரே செடிதானே தம்பி!" என்றார்.

ஆமாம், ஒரே செடிதான். "பழைய கொழுந்து" என்று எழுதினது தப்பு. "திணித்த கொழுந்து" என்று எழுதியிருக்க வேண்டும். முதலில் எழுதினது அவரைப் பொய்யராக்கியது. இரண்டாவதை எழுதியிருந்தால் அவருக்கு வழி தெரிந்திருக்கும். அதன் பிறகு அவர் சாக்கைத் தொடவில்லை, அவர் கொழுந்துக்குக் கழிவும் விழவில்லை.

என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தம்பி எங்கே இருக்கிறார்? இதுதாங்க வேலை. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பது.