உத்திரத்தின் மேல் எத்தனை கிலோநியூட்டன்?

கட்டடப் பொறியியல் வகுப்பில் உத்திரத்தின் மேல் விழும் சுமையைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் தாங்கிகளின் வகை, அடுத்து சுமைகளின் வகை, அப்புறம் சமநிலைச் சமன்பாடுகள், அவற்றிலிருந்து ஷியர் ஃபோர்ஸ் படமும் பெண்டிங் மொமென்ட் படமும், கடைசியில் உத்திரம் எவ்வளவு தொய்யும் என்ற கணக்கு. ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று விளக்க இந்த வரிசை நல்ல வரிசைதான். ஆனால் அந்தப் பாடத்தை முழுக்கப் படித்த மாணவரிடம் ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்து, இந்த உத்திரத்துக்குக் கணக்குப் போடு என்றால், எங்கே தொடங்குவது என்று விழிக்கிறார். பாடத்தில் மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று சுமையை ஆசிரியரே எழுதிக் கொடுத்துவிடுவார். வரைபடத்தில் அந்த எண் எங்கும் இருக்காது. அங்கே இருப்பது தளத்தின் கனம், உத்திரங்களுக்கு இடையே உள்ள தூரம், அறை எதற்குப் பயன்படப் போகிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஆகவே பாடக்குறிப்பைக் கணக்குப் போட உதவும் சரிபார்ப்புப் பட்டியலாக மாற்றும்போது, சூத்திரங்களைப் பாடத்தில் வந்த வரிசையிலேயே அடுக்கினால் போதாது. சுமை இப்போது எந்த அலகில் நிற்கிறது என்ற கேள்வியை வைத்துத்தான் பட்டியலைக் கட்ட வேண்டும் என்பது என் வாதம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு வீட்டில் 3 மீட்டர் இடைவெளியில் இணையான உத்திரங்கள் வரிசையாகப் போகின்றன. தளம் அவற்றின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வோர் உத்திரமும் 4 மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் சும்மா தாங்கப்பட்டது. தளத்தின் கனம் 120 மில்லிமீட்டர். கம்பி போட்ட கான்கிரீட்டின் எடை ஒரு கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை, அதாவது இரண்டு சிமெண்ட் மூட்டை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 25-ஐ தளத்தின் கனமாகிய 0.12 மீட்டரால் பெருக்கினால் 3 வருகிறது. ஆனால் அது இப்போது கன மீட்டருக்கு அல்ல, சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன். இதோடு தரைப் பூச்சுக்கும் ஓட்டுக்கும் சதுர மீட்டருக்கு 1, வீட்டில் ஆட்கள், சாமான்களுக்காக இந்தியத் தர விதி சொல்லும் 2, ஆக மொத்தம் 6. ஓர் உத்திரம் தன் இருபுறமும் ஒன்றரை ஒன்றரை மீட்டர் தளத்தைச் சுமக்கிறது. அந்த 3 மீட்டரால் பெருக்கினால் மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். தளத்துக்குக் கீழே தொங்கும் உத்திரப் பகுதி 230 மில்லிமீட்டர் அகலம், 350 மில்லிமீட்டர் ஆழம். அதன் சொந்த எடை மீட்டருக்கு 2. ஆக உத்திரத்தின் மேல் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன். நீளம் 4 மீட்டரால் பெருக்கினால் மொத்தச் சுமை 80 கிலோநியூட்டன். கன மீட்டரில் தொடங்கிய சுமை, ஒவ்வொரு நீளத்தால் பெருக்கும்போதும் ஒரு படி இறங்கி, சதுர மீட்டர், மீட்டர் என்று வந்து, கடைசியில் வெறும் கிலோநியூட்டனாக நிற்கிறது. பாடத்தின் முதல் பாதியைப் பட்டியலில் ஒரே வரியாகச் சுருக்கிவிடலாம்: ஒரே படியில் நிற்கும் சுமைகளை மட்டும் கூட்டு.

இந்த ஒரு வரி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை, இதே கணக்கில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையை வைத்துச் சொல்லலாம். உத்திரத்தின் சொந்த எடை 2, தளத்தின் சுமை 6. இரண்டும் சுமைதானே என்று முதலிலேயே கூட்டி 8 என்று எழுதி, பிறகு 3-ஆல் பெருக்குகிறார் ஒருவர். மீட்டருக்கு 24 வருகிறது. சரியான விடை 20. வந்த 24-ஐப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வீட்டு உத்திரத்துக்கு அதுவும் நம்பும்படியான எண்தான். அனுபவசாலியின் கண்கூட அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் 2-க்குப் பக்கத்தில் மீட்டருக்கு என்றும், 6-க்குப் பக்கத்தில் சதுர மீட்டருக்கு என்றும் எழுதியிருந்தால், கூட்டல் குறியைப் போடுவதற்கு முன்பே கை நின்றுவிடும். கடைசி விடைக்கு மட்டும் அலகு எழுதும் பழக்கம் இந்தப் பிழையைப் பிடிக்காது, ஏனென்றால் தவறான விடையும் மீட்டருக்கு இத்தனை என்றுதான் முடிகிறது. ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். நம் கட்டட வேலையிடங்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவரை ஒன்பது இன்ச் என்பார்கள், அறையைப் பத்தடி என்பார்கள், கம்பி மில்லிமீட்டரில், வரைபடமும் மில்லிமீட்டரில், சுமை கிலோநியூட்டனில். பட்டியலின் தலைப்பிலேயே எல்லா நீளங்களையும் மீட்டருக்கு மாற்றி எழுத ஓர் இடம் விட்டுவிடுவது நல்லது.

அடுத்து, மொமென்ட். சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். 20-ஐ 16-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 40. இரண்டு முனைகளிலும் தாங்கிகள் கொடுக்கும் எதிர்விசையும் மொத்தத்தில் பாதி, அதாவது 40. இந்த இரண்டு நாற்பதுகளும் வேறு வேறு. ஒன்று கிலோநியூட்டன், உத்திரத்துக்குக் கீழே உள்ள தூணுக்குப் போகிறது. இன்னொன்று கிலோநியூட்டன் மீட்டர், உத்திரத்தின் நடுவில் கம்பி எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீளம் 4 மீட்டராக இருப்பதால் எண்கள் ஒத்துப்போய்விட்டன. அலகு எழுதாத தாளில் அடுத்த பக்கத்துக்கு எந்த 40 போகிறது என்று சொல்லவே முடியாது. இங்கே இன்னொரு குழப்பமும் பிடிபடும். சில நூல்களில் மொத்தச் சுமையை வைத்து எழுதிய சூத்திரம் இருக்கும், அதில் நீளத்துக்கு வர்க்கம் கிடையாது. மொத்தமாகிய 80-ஐ எடுத்துக்கொண்டு நீளத்தை வர்க்கமும் செய்துவிட்டால், அலகு கிலோநியூட்டன் சதுர மீட்டர் என்று அர்த்தமில்லாமல் வந்து நிற்கும்.

தொய்வுக் கணக்கில் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே நீளம் நான்காம் அடுக்கில் வருகிறது, கான்கிரீட்டின் விறைப்பு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில் வருகிறது. எல்லாவற்றையும் நியூட்டன், மில்லிமீட்டருக்கு மாற்றியே தீர வேண்டும். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்பதும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்பதும் ஒன்றே. ஆயிரத்தை ஆயிரத்தால் வகுத்தால் ஒன்றுதானே. எண் மாறாது. ஆனால் கிலோவை மட்டும் கவனித்து மீட்டரை மறந்தவர் 20,000 என்று போட்டுவிடுவார். M25 கான்கிரீட்டில் நம் உத்திரம், விரிசல் விடாத முழு வெட்டுப்பரப்போடு, உடனடியாக ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் தொய்யும். மறந்தவருக்கு 1.3 மீட்டர் வரும். நான்கு மீட்டர் உத்திரம் ஆள் மார்பளவு தொங்குகிறது என்ற விடையைக் கண்டு யாராவது சிரித்தால் பிழை பிடிபட்டது. அதனால் தொய்வை உத்திர நீளத்தோடு ஒப்பிட்டுப் பார் என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும். விதி அனுமதிக்கும் மொத்தத் தொய்வு நீளத்தில் 250-இல் ஒரு பங்கு, நம் உத்திரத்துக்கு 16 மில்லிமீட்டர். விரிசலும் காலப்போக்கில் கான்கிரீட் ஊர்வதும் சேர்ந்தால் 1.3 என்பது பல மடங்காகும் என்பதால், இரண்டுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பது இயல்புதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அலகு சரியாக இருந்தும் விடை தவறாக இருக்கலாமே? இருக்கலாம், அடிக்கடி அப்படித்தான் இருக்கிறது. 8-க்குப் பதில் 4-ஆல் வகுத்தாலும் அலகு மாறாது. கான்கிரீட் வடிவமைப்பில் பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்குகிறோம், 40 என்பது 60 ஆகிறது. மறந்துபோய் இரண்டு முறை பெருக்கினால் 90. அந்த ஒன்றரைக்கு அலகே இல்லை, எனவே அலகுச் சோதனைக்கு அது கண்ணில் படாது. தளம் நான்கு பக்கமும் உத்திரங்களில் உட்கார்ந்து, நீளப் பக்கம் குட்டைப் பக்கத்தின் இரு மடங்குக்குள் இருந்தால், சுமை இரு திசையிலும் பிரிந்து போகும். அப்போது ஒன்றரை மீட்டர் பட்டையாக எடுத்த நம் முதல் கணக்கே பொருந்தாது. 1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே கம்பியில் தொங்கவேண்டிய இரண்டு நடைபாதைகளை, கீழ்ப்பாதை மேல்பாதையின் உத்திரத்தில் தொங்கும்படி கம்பியை இரண்டாகப் பிரித்து மாற்றிவிட்டார்கள். மேல் உத்திரத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அதைக் காட்ட எந்த அலகும் உதவியிருக்காது. ஆகவே அலகுச் சோதனைக்கு முன்னால், சுமை எதன் மேல் உட்கார்ந்து எங்கே இறங்குகிறது என்று படம் போட்டுக் கேட்கும் கேள்வியும், பின்னால் எல்லை பார்க்கும் கேள்வியும் சேர வேண்டும். எல்லை என்றால் இதுதான்: 80 கிலோநியூட்டன் முழுவதும் உத்திரத்தின் நடுப்புள்ளியில் உட்கார்ந்தாலும் மொமென்ட் 80-தான். பரவிய சுமைக்கு அதைத் தாண்டி விடை வந்தால் எங்கோ பிழை.

மென்பொருள் எல்லாம் பார்த்துக்கொள்ளும்போது இது எதற்கு என்பார்கள். மென்பொருள் நாம் தட்டியதைத்தான் நம்பும். சதுர மீட்டர் சுமையாகிய 6-ஐ உத்திரத்தின் மீட்டர் சுமையாகத் தட்டினால், அது மூன்றில் ஒரு பங்கு சுமைக்கு மிக நேர்த்தியான படம் வரைந்து தரும்.

பட்டியல் மாணவரை யோசிக்க விடாமல் இயந்திரமாக்கிவிடும் என்ற குற்றச்சாட்டைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பாடத்தின் எந்தப் பகுதியைக் கேள்வியாக்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு முனை மட்டும் சுவரில் பிடிக்கப்பட்ட சன்ஷேடை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மீட்டர் சுமை, அதே நீளம் என்றாலும் 8-க்குப் பதில் 2-ஆல் வகுக்க வேண்டும், மொமென்ட் நான்கு மடங்கு. அலகு அதே கிலோநியூட்டன் மீட்டர். அதைவிட முக்கியம், இழுவிசை இப்போது மேல் முகத்தில். எந்த முகம் இழுபடுகிறது என்று கேட்கும் வரி பட்டியலில் இருந்தால், மாணவர் உத்திரம் எப்படி வளையும் என்று மனதில் வரைந்து பார்க்காமல் அதைத் தாண்ட முடியாது. மொமென்ட் படத்தை இழுபடும் பக்கத்திலேயே வரையும் வழக்கம் இதற்கு உதவும், கம்பி எங்கே போக வேண்டும் என்பதைப் படமே சொல்லிவிடும். கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் மேல் கம்பியின் மேல் நடந்து அதை மிதித்துக் கீழே இறக்கிவிடுவது சாதாரணமாக நடக்கும் விஷயம். 100 மில்லிமீட்டர் கன சன்ஷேடில் கம்பி 25 மில்லிமீட்டர் இறங்கினாலும் தாங்கும் திறனில் பெரும் பங்கு போய்விடும். எனவே பட்டியலின் கடைசி வரியில் ஓர் அலகும் எண்ணும் வேண்டும்: மேல் முகத்திலிருந்து கம்பி எத்தனை மில்லிமீட்டர் கீழே, அதை அங்கேயே நிறுத்திவைக்க நாற்காலிக் கம்பி வைத்தாயிற்றா?