குகைச் சுவரில் ஒரு கோடு

கணினி விளையாட்டுகளில் வரும் குகைகளில் பலவற்றை யாரும் கையால் வரைவதில்லை. அவை ஒரு கணக்கிலிருந்து பிறக்கின்றன. வெளியில் எந்தப் புள்ளியைக் காட்டிக் கேட்டாலும் அந்தக் கணக்கு ஓர் எண்ணைச் சொல்லும். எண் பூச்சியத்துக்கு மேலே இருந்தால் அங்கே பாறை. கீழே இருந்தால் வெற்றிடம். இதை அடர்த்திப் புலம் என்கிறோம். பாறையும் காற்றும் சந்திக்கும் இடம், அதாவது எண் சரியாகப் பூச்சியமாகும் பரப்பு, அதுதான் குகைச் சுவர். அந்தச் சுவரை முக்கோணங்களாக மாற்றித் திரைக்கு அனுப்பும் முறையையும், அதில் விழும் பிளவுகளை மூடும் வேலையையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முறையின் பெயர் மார்ச்சிங் கியூப்ஸ். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் லோரன்சனும் ஹார்வி கிளைனும் 1987இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது குகை அல்ல, சி.டி. ஸ்கேன் தரும் எண்களிலிருந்து எலும்பின் வடிவத்தை எடுப்பது. வெளியைச் சிறு கனசதுரங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எட்டு முனைகள். ஒவ்வொரு முனையும் பாறையில் இருக்கலாம், காற்றில் இருக்கலாம். ஆக மொத்தம் 256 நிலைகள். எந்த நிலையில் எந்தெந்த விளிம்புகளை இணைத்து முக்கோணம் போடுவது என்பது முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் அட்டவணையில் இருக்கும். நிரல் ஒவ்வொரு கனசதுரமாக நடந்துபோய், அட்டவணையைப் பார்த்து, முக்கோணம் போட்டுக்கொண்டே போகும்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் அட்டவணையைக் காட்டுவார்கள். உண்மையில் அது எண்களின் தரத்திலிருந்து வருகிறது. ஒரு விளிம்பின் ஒரு முனையில் 0.5, மறுமுனையில் கழித்தல் 0.3 என்று வைத்துக்கொள்வோம். பாறைப் பக்கத்திலிருந்து புறப்பட்டால், 0.8 இறக்கத்தில் 0.5 இறங்கும் இடத்தில்தான் பூச்சியம் வரும். அதாவது விளிம்பின் எட்டில் ஐந்து பங்கு தூரத்தில். சுவரின் புள்ளி அங்கே நிற்கும். ‘பாறை என்றால் ஒன்று, காற்று என்றால் கழித்தல் ஒன்று’ என்று மட்டும் சேமித்தால், எல்லாப் புள்ளிகளும் விளிம்பின் நடுவிலேயே விழுந்து, சுவர் செதுக்கிய பட்டைகளாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மெஷ்ஷைத் தேய்த்து வழவழப்பாக்க முயலக் கூடாது. எண் படிப்படியாக இறங்குகிறதா என்று புலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி பிளவுகளுக்கு வருகிறேன். முழுக் குகையையும் ஒரே மெஷ்ஷாகச் செய்ய முடியாது. பக்கத்துக்கு 32 கனசதுரம் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஆட்டக்காரர் நெருங்க நெருங்கத் தனித்தனியாகச் செய்கிறார்கள். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் பிளவு தெரிகிறது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பின்னணி வண்ணத்தைக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பாக மாற்றிவிட்டுக் குகைக்குள் நடப்பது. ஓட்டை இருந்தால் அந்த நிறம் வழியும். ஓட்டைகள் துண்டின் எல்லையில் மட்டும் இருக்கின்றனவா, நடுவிலும் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நடுவிலும் இருந்தால் குற்றம் அட்டவணையுடையது. ஒரு முகத்தின் எதிரெதிர் மூலைகள் மட்டும் பாறையாக இருக்கும்போது அதை இரண்டு விதமாக இணைக்கலாம். அடுத்தடுத்த கனசதுரங்கள் ஆளுக்கு ஒரு விதமாக இணைத்தால் ஓட்டை விழும். 1987இன் மூல வடிவத்திலேயே இந்தக் குறை இருந்தது. இணைப்பு ஒத்துப்போகும்படி திருத்திய அட்டவணையைப் பயன்படுத்தினால் இது தீரும்.

எல்லையில் மட்டும் இருந்தால், முதல் சந்தேகம் எண்ணிக்கை. 32 கனசதுரங்களுக்கு வரிசையில் 33 முனைகள் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு வரப்பு ஒன்றே என்பதுபோல, முதல் துண்டின் கடைசி முனையே அடுத்த துண்டின் முதல் முனை. 32 முனையோடு நிறுத்தினால் ஒரு கனசதுர அகலத்துக்குக் குகை திறந்து கிடக்கும்.

அது சரியாக இருந்தும் சுவரில் மின்னும் புள்ளிகள் தெரியலாம். இதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கத்தில் உள்ள அட்டவணையில், பொது முகத்தின் ஒரு விளிம்பை இடப்பக்கக் கனசதுரம் கீழிருந்து மேலாக நடக்கும். வலப்பக்கக் கனசதுரம் அதே விளிம்பை மேலிருந்து கீழாக நடக்கும். காகிதத்தில் இரண்டு விடையும் ஒன்றே. கணினியிலோ தசமத்தின் கடைசி இலக்கம் வேறுபடும். அந்த மயிரிழை இடைவெளிதான் மின்னுகிறது. எந்தத் துண்டானாலும், விளிம்பின் இரு முனைகளில் சிறிய ஆயத்தொலை உள்ளதிலிருந்தே கணக்கைத் தொடங்குவது என்று விதி வைத்தால் போதும். முனையின் இடத்தையும் துண்டுக்குள் உள்ள எண்ணிலிருந்து தசமமாகக் கூட்டிக்கொண்டு போகாமல், உலகம் முழுவதற்குமான முழு எண்ணாக வைத்திருந்து, கடைசியில் ஒரு முறை மட்டும் அளவால் பெருக்க வேண்டும்.

சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு, மெஷ் உருவான பிறகு அருகருகே உள்ள புள்ளிகளை ஒட்டிவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. எவ்வளவு அருகில் இருந்தால் ஒட்டலாம் என்பதற்குச் சரியான அளவு கிடையாது. மெல்லிய சுவர் இருக்கும் இடத்தில் ஒட்டக் கூடாதவையும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு துண்டுகளும் ஒரே புலத்திடம் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்டால், ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

ஓட்டையே இல்லாத சுவரிலும் ஒரு கோடு தெரிவதுண்டு. அது வெளிச்சத்தின் பிளவு. ஒளி எப்படி விழும் என்பதைப் பரப்பு நோக்கும் திசை முடிவு செய்கிறது. அந்தத் திசையைப் புலத்தின் சரிவிலிருந்து எடுக்கலாம். எல்லை முனையில் அடர்த்தி பூச்சியம், அதற்கு முந்தைய முனையில் 0.2, அடுத்ததில் கழித்தல் 0.6 என்று வைப்போம். தன் எல்லைக்குள் மட்டும் பார்க்கும் இடத் துண்டு, சரிவு 0.2 என்று சொல்லும், வலத் துண்டு 0.6 என்று சொல்லும். ஒரே புள்ளிக்கு இரண்டு வெளிச்சம். இரு பக்கமும் பார்த்தால் விடை 0.4. அதற்காக ஒவ்வொரு துண்டும் இரு பக்கமும் ஒரு வரிசை கூடுதலாக எடுக்க வேண்டும்: 33 முனை 35 ஆகும். புலத்திடம் எண் கேட்கும் வேலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். கொடுக்கத் தகுந்த விலைதான்.

தொலைவில் உள்ள துண்டுக்குப் பெரிய கனசதுரமும், அருகில் உள்ளதற்குச் சிறியதும் வைக்கும்போது மட்டும் இந்த ஒழுங்கு போதாது. சிறிய பக்கம் வளைந்து செல்லும் இடத்தில் பெரிய பக்கம் நேர்கோட்டில் போகும். எரிக் லெங்கியல் இதற்காக டிரான்ஸ்வாக்சல் என்ற முறையை வகுத்தார். இடையில் ஒரு மெல்லிய இணைப்பு அடுக்கும் அதற்கென 512 நிலைகளுள்ள தனி அட்டவணையும் அதில் உண்டு. நிலப்பரப்பில் செய்வதுபோல் எல்லையில் பாவாடை தொங்கவிட்டு மறைப்பது குகைக்கு உதவாது. குகையில் எந்தப் பக்கம் ‘கீழே’ என்று சொல்ல முடியாது. முடுக்குகள் பார்வையை மறைக்கும் குகையாக இருந்தால், எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவை வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

கடைசியாக, ஆட்டக்காரர் சுவரைத் தோண்டும்போது என்ன ஆகும் என்று பார்ப்போம். துண்டின் மூலையில் உள்ள ஒரு முனை எட்டுத் துண்டுகளுக்குப் பொது. துண்டுக்கு ஒரு நகல் என்று வைத்திருந்தால் எட்டையும் மாற்ற வேண்டும்; ஒன்றை விட்டாலும் பிளவு திரும்ப வரும். எண்ணை ஒரே இடத்தில் வைத்து, எல்லாத் துண்டுகளும் அங்கிருந்தே படிப்பது நல்லது. கூடுதல் வரிசை இருப்பதால், எல்லையைத் தொடாமல் அதற்கு ஒரு முனை முன்னால் தோண்டினாலும் பக்கத்துத் துண்டின் வெளிச்சம் மாறும். அதையும் புதுப்பிக்க வேண்டும். புதிய மெஷ்கள் எல்லாம் தயாராகும்வரை காத்திருந்து ஒரே சட்டகத்தில் மாற்ற வேண்டும். ஒன்று முந்தினால், அந்த நொடியில் அந்த இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும்.