ரெண்டு ரிங், ஒரு கட்

"ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணிடு, நான் கூப்பிடுறேன்." பட்டன் போன் புழங்கிய வீடுகளில் இந்த வார்த்தை கேட்காத நாளில்லை. பஸ் ஏறியாச்சு என்பதற்கு ஒரு மிஸ்டு கால், ஊர் வந்து சேர்ந்தாச்சு என்பதற்கு இன்னொன்று. காசில்லாமல் அடிக்கிற தந்தி அது.

அந்தத் தந்திக்குப் பின்னால் இருக்கும் சூட்சுமம் எளிது. மணி அடிக்கும்போதே கூப்பிடுபவரின் எண் எதிர்முனைக்குப் போய்விடுகிறது. கட்டணமோ எதிர்முனையில் எடுத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். நடுவில் கிடைக்கும் இந்தச் சில நொடிகளில் ஒரு கணினி எண்ணைக் குறித்துக்கொள்கிறது, அழைப்பைத் துண்டிக்கிறது, பிறகு தானே திருப்பிக் கூப்பிடுகிறது. பேச்சுக்கான செலவு சேவை நடத்துபவர் தலையில் விழுகிறது. சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவும், ஜார்க்கண்டில் 2012-ல் வந்த மொபைல் வாணியும் இந்த வழியில் கிராமத்து மக்களை எட்டியவை. இணையம் வேண்டாம், எழுத்தும் படிக்க வேண்டாம், காது போதும்.

காது போதும் என்றதும் வேலை எல்லாம் குரலின் பக்கம் வந்துவிடுகிறது. இப்படித் திருப்பிக் கூப்பிட்டு விவசாயிக்குச் சந்தை விலையைச் சொல்லும் சேவைகளில் அந்தக் குரல் எப்படித் தயாராகிறது தெரியுமா? தினமும் விடியற்காலையில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதில்லை. எண்களைத் துண்டு துண்டாக ஒருமுறை பதிவு செய்து வைத்துவிடுவார்கள். அன்றைய விலை வந்ததும் கணினி அந்தத் துண்டுகளைக் கோத்துப் பேசும்.

இந்தக் கோப்பு வேலையில் தமிழுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர் அதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். ஒரு விலைச் சேவைக்குக் குரல் கொடுக்கப் போனபோது அவர் 'இரண்டாயிரம்', 'முந்நூறு', 'நாற்பது' என்று ஒவ்வொன்றையும் கணீரென்று, முற்றுப்புள்ளி வைத்தாற்போல வாசித்துவிட்டு வந்தார். சோதனைக்காக ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வெங்காய விவசாயியிடம் போனைக் கொடுத்தார்கள். அன்றைய விலை குவிண்டால் 2,345 ரூபாய். "இரண்டாயிரம்" என்றது குரல். பெரியவர் சரி என்று தலையாட்டி போனை வைத்துவிட்டார். மீதி 345 ரூபாய் காற்றோடு போயிற்று.

குற்றம் பெரியவருடையது இல்லை. 'இரண்டாயிரம்' என்றால் அங்கே பேச்சு முடிந்தது என்று தமிழ்க் காதுக்குப் பொருள். 'இரண்டாயிரத்து' என்றால்தான் இன்னும் ஏதோ வருகிறது என்று காது காத்திருக்கும். நூறுக்கு நூற்று, இருபதுக்கு இருபத்து, எல்லாம் அப்படித்தான். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு முறை பதிய வேண்டும்: முடிகிற உருவத்தைக் குரல் இறக்கி, தொடர்கிற உருவத்தைக் குரலைத் தொங்கவிட்டு.

நேயர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஒன்று முதல் பத்தொன்பது வரை பத்தொன்பது துண்டுகள். இவற்றில் ஒன்றும் பதினொன்றும் ரூபாய்க்கு முன்னால் 'ஒரு', 'பதினொரு' ஆகிவிடும். இருபது முதல் தொண்ணூறு வரை எட்டு, இரண்டு உருவத்துக்குப் பதினாறு. நூறு முதல் தொள்ளாயிரம் வரை பதினெட்டு. ஆயிரம் முதல் ஒன்பதாயிரம் வரை இன்னொரு பதினெட்டு. மொத்தம் 71 துண்டுகள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய் முதல் 9,999 ரூபாய் வரை எந்த விலையையும் தமிழில் சொல்லிவிடலாம். இந்தியில் இது முடியாது. அங்கே நூறுக்குள் எண்கள் ஒழுங்காகக் கோத்துக்கொள்வதில்லை என்பதால் 99 வரை ஒவ்வொன்றையும் தனியாகவே வாசிக்க வேண்டும்.

மறுபதிவுக்குப் போனபோது இன்னொரு திருத்தமும் நடந்தது. 'இருபத்து' என்பதை 'இருபத்தி' என்றும், 'நூற்று' என்பதை 'நூத்தி' என்றும் வாசித்தார்கள். சந்தையில் யாரும் இலக்கணம் பார்த்து விலை கேட்பதில்லை.

எண் சரியாகிவிட்டாலும் விலை சரியாகிவிடாது. அரசின் அக்மார்க்நெட் தளம் ஒரு சந்தைக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம், பெரும்பாலும் விற்ற விலை என்று மூன்றைத் தருகிறது, கணக்கு குவிண்டாலில். விவசாயிக்கு அது கிலோவில் வேண்டும். அதிகபட்சத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏற்றினால், அது முதல் தரச் சரக்கின் விலை என்பது மண்டியில் போய்த்தான் தெரியும். விலை எந்தத் தேதிக்கு உரியது என்பதும் முக்கியம். நல்ல சேவை தேதியை முதலில் சொல்லும், விலையைப் பிறகு சொல்லும்.

விலை மட்டுமல்ல, விவசாயக் கேள்விகளுக்கும் போனில் பதில் கேட்கலாம்; குஜராத்தில் அதற்கென 'அவாஜ் ஓட்லோ' என்று ஒரு சேவை இருந்தது. ஓட்லோ என்றால் திண்ணை, அவாஜ் குரல். நம் வழக்கில் குரல் திண்ணை. அகமதாபாத்தின் டெவலப்மெண்ட் சப்போர்ட் சென்டரோடு சேர்ந்து நீல் படேல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அமைத்தது. வானொலி நிகழ்ச்சிகளையும் அதில் போனிலேயே திரும்பக் கேட்கலாம் என்பதால் வானொலிக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம். அமைப்பதற்கு முன் ஒரு கேள்வி எழுந்தது: விவசாயி வாயால் சொல்லித் தேர்ந்தெடுப்பதா, பட்டனை அழுத்துவதா? படிக்காதவர்களுக்குப் பேச்சுதானே சுலபம் என்றுதான் தோன்றும். சோதித்துப் பார்த்தால் பட்டன் ஜெயித்தது.

பட்டனுக்கு வட்டார வழக்கு கிடையாது. ஐந்தை அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்; யார் அழுத்தினாலும் அதே இரண்டுதான்.

51 விவசாயிகளோடு ஏழு மாதம் நடந்த அவாஜ் ஓட்லோ முயற்சியில், 60 சதவீதப் பயன்பாடு கேள்வி-பதில் பகுதிக்குப் போனது. தாங்கள் கேட்பதோடு நிற்காமல், அடுத்தவர் கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் காதுகொடுத்துக் கேட்டார்கள். திண்ணையில் வேறென்ன நடக்கும்? பின்னால் செய்த இன்னொரு ஆய்வில் ஒரு வேடிக்கை. விவசாயக் குறிப்பை யார் சொல்ல வேண்டும் என்று கேட்டால் விஞ்ஞானி என்றார்கள். ஆனால் ஒரு குறிப்பைக் கேட்டு மேலும் அறியப் போன் போட்டதோ சக விவசாயி பேசிய குறிப்புகளுக்குத்தான் அதிகம்.

நேரம் ஓடுகிறது, உடல்நலத்துக்கான குரல் சேவையையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' சேவைக்கு மிஸ்டு காலும் தேவையில்லை. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 அழைப்புகள் தானே வரும். சிக்கல் வேறிடத்தில். தாய்க்கு வரவேண்டிய அழைப்பு, கணவர் சட்டைப்பையில் இருக்கும் போனில், வயலிலோ வேலைத்தளத்திலோ அடிக்கும்.

ஆகவே கணவன்மார்களே, அப்படி ஒரு அழைப்பு வந்தால் இரைச்சல் என்று துண்டித்துவிடாதீர்கள். சாயங்காலம் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்வாருங்கள். விவசாயிகளுக்கு இன்னொன்று. பதிவுக் குரல் போதாது, ஆளிடம் பேச வேண்டும் என்றால் 2004 முதல் இயங்கும் கிசான் கால் சென்டர் இருக்கிறது. எண் 1800-180-1551. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், காலை ஆறு முதல் இரவு பத்து வரை. பேப்பர், பென்சில் எடுக்கப் போனவர்களுக்காக இன்னொரு முறை: 1800-180-1551.