வெறுங் குளிசை செய்யும் வேலை

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மருந்து எதுவுமே இல்லாத ஒரு குளிசை. பாற்சீனியும் மாவும் சேர்த்துச் செய்து, மெய்யான மருந்தைப் போன்ற நிறமும் வடிவமும் கொடுத்துவிட்டால் அதனை மருந்துப்போலி என்கிறோம். ஆங்கில வைத்தியத்தில் அதற்கு பிளசீபோ என்று பெயர். "மகிழ்விப்பேன்" என்ற பொருள்கொண்ட இலத்தீன் சொல் அது. நோயாளியை மகிழ்விக்கக் கொடுப்பது என்ற கருத்திலே அப்பெயர் வந்தது. ஆனால் அது மகிழ்விப்பதோடு நின்றுவிடுவதில்லை. சிலருக்கு வலியையும் குறைக்கின்றது. "அது வெறும் மனப்பிரமை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிரமையா, அன்றி உடலுக்குள்ளே நடைபெறும் ஒரு காரியமா என்பதை முதலில் பார்ப்போம்.

1978ஆம் ஆண்டிலே லெவின், கோர்டன், பீல்ட்ஸ் என்ற மூவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களே அதில் பங்குபற்றினார்கள். பல் பிடுங்கிச் சில மணி நேரத்தில் விறைப்பு நீங்க, வலி ஏறத் தொடங்கும். அந்த வேளையிலே சிலருக்கு மருந்துப்போலி ஏற்றப்பட்டது. அதனைப் பெற்றவர்களுள் ஒரு பகுதியினருக்கு வலி ஏறவில்லை, குறையவுஞ் செய்தது. மற்றவர்களுக்கு வலி வழக்கம்போல ஏறிற்று. பின்னர் இரு பகுதியினருக்கும் நலொக்சோன் என்ற மருந்து ஏற்றப்பட்டது. இது மோர்பீன் மருந்துக்கு மாற்று. அபின் அதிகமாக உட்கொண்டு மூச்சடங்கும் நிலைக்கு வந்தவரை மீட்க இதையே கொடுப்பார்கள்.

நலொக்சோன் ஏற்றியதும் நடந்ததைக் கவனியுங்கள். மருந்துப்போலியால் சுகங் கண்டவர்களுக்கு வலி மீண்டும் ஏறிற்று. சுகங் காணாதவர்களிடம் மாற்றம் இல்லை. மோர்பீன் எவருக்கு ஏற்றப்படவில்லையோ, அவரிடத்தில் மோர்பீனின் மாற்று மருந்து வேலை செய்தது! அப்படியானால் அவர் உடம்பே மோர்பீனைப் போன்ற ஏதோ ஒன்றைச் சுரந்திருக்க வேண்டும். அத்தகைய பொருள் நம் மூளையில் உண்டு என்பது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1975இல், ஸ்கொத்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், கொஸ்டர்லிற்ஸ் என்ற இருவரால் நிறுவப்பட்டிருந்தது. இப்பொருள்களை எண்டோர்பின் வகையினவென்று இன்று பொதுவாக வழங்குகிறோம்.

அது நடைபெறும் வழியும் இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. "இதனால் சுகம் வரும்" என்ற எதிர்பார்ப்பு நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதியில் எழுகின்றது. அங்கிருந்து நடுமூளைக்கும், அதன்பின் மூளையின் அடிப்பகுதிக்கும், இறுதியில் முண்ணாணுக்கும் ஆணை இறங்குகின்றது. காயத்திலிருந்து மேலே செல்லும் வலிச் செய்தி பெரும்பாலும் முண்ணாண் வழியாகவே செல்கின்றது. மேலிருந்து வந்த ஆணை அவ்வாசலைச் சிறிது சாத்திவிடுகின்றது. இவ்வழியிலுள்ள நரம்புக் கலங்களில் எண்டோர்பின் பொருந்துகின்ற வாங்கிகள் உண்டு. நலொக்சோன் அவ்வாங்கிகளில் முந்திச் சென்று அமர்ந்து, எண்டோர்பினுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றது. பூட்டின் துவாரத்தில் வேறொரு திறப்பை நுழைத்து அடைத்துவிடுவது போன்றது இது.

ஆனால் எல்லா மருந்துப்போலியும் இந்த ஒரே வழியில் வேலை செய்வதில்லை. இத்தாலியின் தூரின் நகரத்து ஆராய்ச்சியாளர் அமன்சியோவும் பெனடெற்றியும் 1999இல் இதனைக் காட்டினார்கள். சிலருக்கு முதலில் மோர்பீனைக் கொடுத்துப் பழக்கி, பின்பு வெறும் உப்புநீரை ஏற்றினார்கள். வலி குறைந்தது, நலொக்சோன் அச்சுகத்தைத் தடுத்தது. வேறு சிலரைக் கெற்றொரோலக் என்ற, மோர்பீன் இனத்தைச் சேராத வலி மருந்தினால் பழக்கினார்கள். அவர்களுக்கும் உப்புநீரால் வலி குறைந்தது. ஆனால் நலொக்சோனால் அதைத் தடுக்க முடியவில்லை. எந்த மருந்தை உடம்பு முன்பு அறிந்திருந்ததோ, அதற்கேற்ற வழியை மூளை எடுத்துக்கொள்கின்றது. பார்க்கின்சன் நோயாளருக்கு மருந்துப்போலி கொடுத்தபோது மூளையில் டொபமீன் என்ற வேறொரு பொருள் சுரந்ததை 2001இல் கனடாவின் வான்கூவர் நகரத்தார் படம்பிடித்துக் காட்டினார்கள். எனவே இது பிரமையன்று, இரசாயனம்.

அப்படியானால் எல்லா நோய்க்கும் வெறுங் குளிசை போதுமே என்று இளைஞர் ஒருவர் கேட்கலாம். அங்கேதான் எல்லை இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஆஸ்துமா என்னும் தொய்வு நோயாளரிடம் ஒரு பரீட்சை நடந்தது. சல்பியூற்றமோல் என்ற மெய்யான இழுப்பு மருந்து, மருந்தில்லாத இழுப்பு, பாசாங்காக ஊசி குத்துதல், ஒன்றுஞ் செய்யாதிருத்தல் ஆகிய நான்கும் வெவ்வேறு நாட்களில் ஒவ்வொருவருக்கும் முறைவைத்து நடத்தப்பட்டன. "எவ்வளவு சுகம்?" என்று கேட்டபோது மெய்மருந்துக்கு 50 வீதமும், போலி இழுப்புக்கு 45 வீதமும், பாசாங்கு ஊசிக்கு 46 வீதமும் என்றார்கள். ஒன்றுஞ் செய்யாத நாளுக்கு 21 வீதமே. ஆனால் சுவாசத்தைக் கருவி கொண்டு அளந்தபோது கதை வேறு. மெய்மருந்து மூச்சின் அளவை 20 வீதம் உயர்த்திற்று. மற்ற மூன்றும் ஏறக்குறைய 7 வீதமே உயர்த்தின. ஒன்றுஞ் செய்யாததற்கும் போலிக்கும் அங்கு வேற்றுமை இல்லை.

பெரியோர்களே, இதிலுள்ள ஆபத்தை எண்ணிப் பாருங்கள். நோயாளி தமக்குச் சுகம் என்று மெய்யாகவே உணருகிறார், பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மூச்சுக்குழாய் ஒடுங்கியபடியே இருக்கிறது. மூளை உணர்ச்சியை மாற்றும். ஒடுங்கிய குழாயை அது அவ்வாறு விரித்துவிடாது.

இனிச் சத்துக் குளிசைகளுக்கு வருவோம். இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் முழங்கால் வலி, சோர்வு, நித்திரையின்மை ஆகியவற்றுக்காகவே வாங்குகிறார்கள். இவை யாவும் உணர்ச்சியால் அளக்கப்படுபவை. மருந்துப்போலி வல்லமை காட்டுவதும் அங்கேதான். மேலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு சத்துக் குளிசை பயன் தருமென்று முன்கூட்டியே நிரூபிக்காமல் அதனை விற்கலாம். ஆகவே பரீட்சை ஒன்றே நமக்குத் துணை.

குளுக்கோசமின் என்ற குளிசையை எடுத்துக்கொள்வோம். மூட்டுத் தேய்வுக்கு அது நல்லதென்று உலகெங்கும் விற்கிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் உதவியோடு 1,583 முழங்கால் நோயாளரை ஐந்து பிரிவாக, சீட்டுக் குலுக்கினாற்போலப் பிரித்து, 24 வாரம் நடத்திய பரீட்சையின் முடிவு 2006இல் வெளியாயிற்று. முழங்கால் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் "குணம்" என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமின் எடுத்தவர்களில் 64 வீதத்தினர் குணங் கண்டனர்.

இங்கே நிறுத்திக்கொண்டால் விளம்பரக்காரருக்குக் கொண்டாட்டம். "மூவரில் ஏறக்குறைய இருவருக்குக் குணம்" என்று பத்திரிகையில் போடுவார். அவர் போடுவது பொய்யுமன்று. ஆனால் வெறுங் குளிசை எடுத்தவர்களிலும் 60 வீதத்தினர் குணங் கண்டார்கள். நூறு பேருக்கு நால்வர் வித்தியாசம் தற்செயலாலும் நேரக்கூடியது. கொண்ட்ராய்டினைச் சேர்த்துக் கொடுத்தபோது கிடைத்த 67 வீதமும் உறுதியான வித்தியாசமாகவில்லை. செலிகொக்சிப் என்ற வலிமருந்து பெற்ற ஐந்தாவது பிரிவினருக்கு 70 வீதம். அது தற்செயலென்று தள்ளமுடியாத வித்தியாசம். இப்பிரிவைச் சேர்த்தது மிகவும் புத்தியான செயல். வலிமருந்தின் பயனைப் பிடிக்க வல்ல தராசு இதுவென்று அது நிறுவிற்று. ஆகவே குளுக்கோசமினுக்குப் பயன் தெரியாமற் போனதைத் தராசின் குற்றமென்று சொல்லிவிட முடியாது.

அந்த 60 வீதமும் எண்டோர்பினின் வேலையென்று எண்ணிவிடவுங் கூடாது. முழங்கால் வலி ஏறி இறங்குவது. அது உச்சத்தில் நிற்கும்போதே நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். பிறகு அது தானாக இறங்கும். தாங்கமுடியாதபோது பரசிற்றமோல் எடுக்கவும் எல்லாப் பிரிவினருக்கும் அனுமதி இருந்தது. போலிப் பிரிவு இவையனைத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. மெய்க்குளிசைப் பிரிவிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதே குளிசையின் பங்கு.

நடுத்தரம் முதல் கடுமை வரையான வலியுடையவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, இரு பொருளுஞ் சேர்ந்த குளிசைக்கு 79 வீதமும் போலிக்கு 54 வீதமும் கிடைத்தன என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் 354 பேரே. பலவாறு பிரித்துப் பார்த்தால் ஏதாவதொரு பிரிவில் நல்ல எண் தோன்றுவது இயல்பு. இதனை உறுதிப்படுத்தவேண்டும் என்று ஆராய்ச்சியாளரே எழுதினார்கள். 2017இல் வெளிவந்த ஸ்பானிய நாட்டுப் பரீட்சை ஒன்றில் இக்கலவை போலியை வெல்லவில்லை.

போலிப் பிரிவு இருந்தாற் போதாது. யாருக்கு எது என்பது மறைந்தும் இருக்கவேண்டும். 1975இல் வெளியான ஒரு பரீட்சையில், அமெரிக்கச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்து ஊழியர்களுக்குத் தடிமனுக்காக விற்றமின் சி கொடுத்தார்கள். போலிக் குளிசைக்குள் இருந்தது பாற்சீனி. விற்றமின் சி புளிக்கும், பாற்சீனி இனிக்கும். சிலர் குளிசையைத் திறந்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்! கணக்கெடுத்தபோது, எதைப் பெற்றோமென்று ஊகிக்காதவர்களிடத்தில் தடிமன் நாட்களில் வித்தியாசமில்லை, வித்தியாசம் ஊகித்தவர்களிடத்திலேதான். ஒன்பது மாத உழைப்பு ஐயத்தில் முடிந்தது. பிற்காலத்துப் பரீட்சைகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தினமும் விற்றமின் சி எடுக்கும் வளர்ந்தவர்களுக்குத் தடிமன் நாட்கள் ஏறக்குறைய 8 வீதம் குறைவதாகத் தெரிகிறது. உள்ள பயன் இவ்வளவு சிறியதாயிருந்தால், நாக்கின் ஒரு துளி புளிப்பே அதனை மூடிவிடும். அதனால் இன்று போலியின் நிறம், மணம், சுவை மூன்றையும் ஒப்பாகச் செய்து, பரீட்சை முடிவில் "உமக்குக் கிடைத்தது எதுவென்று நினைக்கிறீர்?" என்றுங் கேட்கிறார்கள். பாதிக்கு மிகப் பலர் சரியாகச் சொன்னால் மறைப்பு உடைந்ததென்று அறிவார்கள்.

ஆகவே "இத்தனை வீதத்தினருக்குக் குணம்" என்ற விளம்பரத்தைக் கண்டால், போலிப் பிரிவுக்கு எத்தனை வீதம் என்று கேளுங்கள். அளந்தது உணர்ச்சியையா, கருவி காட்டும் உறுப்பின் நிலையையா என்று கேளுங்கள். அயல்வீட்டு அம்மாவுக்கு அக்குளிசையால் முழங்கால் சுகமென்றால், அவரைப் பரிகசிக்க வேண்டாம். அவர் உணரும் சுகம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் இழுப்பு மருந்தையோ, நீரிழிவுக் குளிசையையோ நிறுத்திவிட்டு அதனை நம்பியிருந்தால், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.