வேரைத் தின்னும் இரண்டு பூச்சிகள்

போன மாதம் எங்கள் பால்கனியில் செம்பருத்தி வாடியது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் தண்டை லேசாக இழுத்தேன், செடி கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. தொட்டியைக் கவிழ்த்தால், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்தன ஏழு வெள்ளைப் புழுக்கள். இவை வண்டின் குஞ்சுகள். சரியாக மட்காத சாண எருவோடு தொட்டிக்கு வந்துவிடும்.

ஈர மண்ணிலேயே உங்கள் செடி வாடினால், அசைத்துப் பாருங்கள். ஆடினால் தொட்டியைக் கவிழ்த்து, புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். புது மண்ணும் நன்கு மட்கிய எருவும் போட்டு மறுபடி நடுங்கள்.

நம் புல்வெளியில் விரல் பருமனுக்கு மண் மேடிட்டு வளைந்து ஓடினால், அது பிள்ளைப்பூச்சியின் வழி. 4 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மாலையில் ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் மேலே வரும், பொறுக்கிவிடலாம். பிறகு நல்ல தண்ணீர் விடுங்கள்.

புல் பாய் போல உரிந்து வந்தால் அடியில் வெள்ளைப் புழு. அது சோப்புக்கு வெளியே வராது. மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளை மட்கிய எருவில் கலந்து தூவி, மண்ணை ஈரமாக வைக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு, குழந்தைகள் ஓடும் புல்லில் குருணை மருந்து தூவாதீர்கள்.